சப்போர்ட்டில் எழுதிய புட்: பங்கு கைக்கு வந்து சேர்ந்தால்

கேஷ்-செக்யூர்டு புட் என்பது, ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலைக்குக் குறிப்பிட்ட நாள் வரை வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்து, அதற்கான கூலியை முன்பணமாகவே பெற்றுக்கொள்வது. வாக்குக் கொடுப்பவர் புட் ஆப்ஷனை விற்பவர்; சந்தைப் பேச்சில் ‘புட் எழுதுபவர்’. கூலியின் பெயர் பிரீமியம். வாங்கவேண்டிய விலை ஸ்ட்ரைக். பங்கை வாங்கத் தேவையான முழுத் தொகையும் அவருடைய கணக்கில் முடக்கிவைக்கப்படுவதால்தான் ‘கேஷ்-செக்யூர்டு’ என்ற அடைமொழி.

வீடு வாங்கும்போது கொடுக்கும் அச்சாரத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் இங்கே எல்லாம் தலைகீழ். பணம் கொடுப்பவர் விற்கும் உரிமையைப் பெறுகிறார். பணம் வாங்குபவர் வாங்கவேண்டிய கடமையை ஏற்கிறார். உரிமை உள்ளவர் மனம் மாறலாம், கடமை உள்ளவர் மாறமுடியாது. பங்கு எவ்வளவு விழுந்தாலும் ஒப்புக்கொண்ட விலையைக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த உத்தி அதிகம் புழங்கும் இடம் அமெரிக்கப் பங்குச் சந்தை. சிகாகோவில் 1973-இல் தொடங்கிய ஆப்ஷன் சந்தையில் முதலில் கால் ஆப்ஷன்கள் மட்டுமே இருந்தன. புட் 1977-இல் வந்தது. அங்கே ஓர் ஒப்பந்தம் பெரும்பாலும் 100 பங்குகளுக்கானது. எனவே 30 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு புட் எழுத 3,000 டாலர் கையில் இருந்தால் போதும். சிறு முதலீட்டாளர்களிடையே இந்த உத்தி பரவியதற்கு அந்த எட்டும் தொகையும் ஒரு காரணம்.

ஸ்ட்ரைக்கை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பலர் சார்ட்டைப் பார்த்துப் பதில் தேடுகிறார்கள். விலை இறங்கிவந்து, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இரண்டு மூன்று முறை நின்று திரும்பியிருந்தால், அந்த மட்டம் சப்போர்ட். அந்த விலைக்கு வந்தால் வாங்க ஆள் இருக்கிறது என்பது அனுமானம். சப்போர்ட்டை ஒட்டியோ சற்றுக் கீழேயோ புட் எழுதினால் விலை அங்கே திரும்பிவிடும், பிரீமியம் மிஞ்சும். அப்படியே பங்கு வந்து சேர்ந்தாலும் நல்ல விலையில்தான் வரும். கேட்பதற்கு இரு வழியிலும் ஆதாயம் போலத் தெரியும் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இன்டெல் நிறுவனப் பங்கு 2024 கோடையில் போன போக்கை எடுத்துக்கொண்டால் அந்த ஓட்டை எங்கே என்பது தெளிவாகத் தெரியும்.

2023 முடிவில் இன்டெல் 50 டாலருக்கு விற்றது. 2024 ஏப்ரல் இறுதியில் வந்த காலாண்டு முடிவுகள் ஏமாற்றவே, விலை 31-32 டாலருக்கு இறங்கியது. அடுத்த சில வாரங்களில் 30-ஐ ஒட்டிப் பலமுறை வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் வாங்குபவர்கள் வந்தார்கள். ஜூலை நடுவில் 35 வரை ஏறிவிட்டு, மாதக் கடைசியில் மறுபடி 31-ஐச் சுற்றி வந்தது. சார்ட்டைப் பார்த்த எவருக்கும் 30 என்ற கோடு கண்ணில் பட்டிருக்கும். மூன்று மாதம் தாங்கிய தளம், அதுவும் முழு எண்.

அந்தக் கோட்டுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பது நெடுநாள் சர்ச்சை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த பொருளியலாளர் கேரல் ஓஸ்லர், அந்நியச் செலாவணிச் சந்தையில் நிறுவனங்கள் வெளியிட்ட சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் மட்டங்களைச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே நாளுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தில், அந்த மட்டங்களில் விலை திரும்புவது தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகம் என்று அவர் கண்டார். அவருடைய அடுத்த ஆய்வு புட் எழுதுபவருக்கு இன்னும் முக்கியமானது. லாபத்தை எடுத்துக்கொள்ளும் ஆர்டர்கள் முழு எண்களின் மேலேயே குவிகின்றன. நஷ்டத்தைத் தடுக்கும் ஸ்டாப்-லாஸ் ஆர்டர்களோ அந்த எண்களைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன. அதாவது எந்தக் காரணத்தால் ஒரு மட்டம் தாங்குகிறதோ, அதற்கு ஒரு நூல் கீழே, உடைந்தால் விழுவதை வேகப்படுத்தும் விற்பனை ஆர்டர்கள் காத்திருக்கின்றன. செலாவணிச் சந்தையின் நாள்வணிகத்தில் கண்டதைப் பங்குச் சந்தையின் மூன்று வாரக் கணக்குக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சப்போர்ட் என்பதைச் சுவராக அல்லாமல், ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் சரிவுமான வரப்பாகப் பார்ப்பது பொருத்தம்.

இனி ஆர்டர். ஜூலை கடைசி வாரத்தில், பங்கு 31 டாலரில் இருக்கும்போது, ஆகஸ்ட் 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடியும் 30 டாலர் புட் ஒன்றை ஒருவர் எழுதுவதாகக் கொள்ளலாம். புரோக்கரின் திரையில் அவர் தேர்ந்தெடுப்பது `Sell to Open`. ஆப்ஷன்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கும் என்பதால் சந்தை விலைக்கே விற்கும் ஆர்டரைத் தவிர்த்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு லிமிட் விலையைக் குறிப்பது வழக்கம். பங்குக்கு 1.20 டாலர் பிரீமியம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த தொகை. அந்த நேரத்துச் சூழலுக்கு ஒவ்வாததும் அல்ல. 120 டாலர் கணக்கில் வரவாகிறது. 3,000 டாலர் முடங்குகிறது. பங்கு வந்து சேர்ந்தால் அடக்கவிலை 30-இல் 1.20 போக 28.80 டாலர். விலை அதற்கும் கீழே போகும்போதுதான் இவருக்கு நஷ்டம் தொடங்கும்.

மூன்று வாரத்தில் 3,000-க்கு 120 என்றால் 4 சதவீதம். இதை ஆண்டுக்கணக்காக்கினால் ஏறத்தாழ 70 சதவீதம் என்று சில மென்பொருள்கள் பச்சை நிறத்தில் காட்டும். அந்த எண்ணை நம்பாமல் விடுவது நல்லது. இதே நிபந்தனையில் ஆண்டு முழுக்க, ஒருமுறைகூடச் சறுக்காமல் எழுதிக்கொண்டே போகமுடியும் என்ற கற்பனையின் மேல் நிற்கும் எண் அது.

மூன்று வாரத்துக்கு 4 சதவீதம் யாரும் சும்மா கொடுப்பதில்லை. ஆகஸ்ட் 1 அன்று மாலை இன்டெல் தன் காலாண்டு முடிவுகளை அறிவிக்கப்போகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. புட் வாங்குபவர் காப்பீடு எடுப்பவர் போன்றவர். புயல் வரும் வாரத்துக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடுதலாகத்தான் இருக்கும். சார்ட்டில் 30-க்கு நேரே கோடு போடும் பென்சிலுக்கு அந்தத் தேதி தெரியாது. ஆப்ஷன் விலைக்குத் தெரியும். இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அறிவிப்புக்கு அடுத்து முடிகிற ஆப்ஷன்களில், தற்போதைய விலைக்கு மிக நெருங்கிய ஸ்ட்ரைக்கின் கால் விலையையும் புட் விலையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டுத்தொகை 3 டாலர் என்றால், அந்த நாள் வரை மேலேயோ கீழேயோ சுமார் 3 டாலர் நகர்வுக்குச் சந்தை விலை போட்டிருக்கிறது. 31-இலிருந்து 3 போனால் 28. அப்படியானால் 30 என்ற சப்போர்ட், சந்தை சர்வசாதாரணம் என்று நினைக்கும் ஏற்ற இறக்கத்துக்கு உள்ளேயே கிடக்கிறது. அந்தக் கோடு புட் எழுதியவருக்கு எந்தக் கூடுதல் பாதுகாப்பும் தரவில்லை.

எழுதிய புட் மூன்று விதமாக முடியலாம். கடைசி நாளில் பங்கு 30-க்கு மேல் நின்றால் ஆப்ஷன் செல்லாக்காசாகிறது; முடங்கிய பணம் விடுபடுகிறது, 120 டாலர் மிச்சம். இடையிலேயே பிரீமியம் கரைந்து 30 காசுக்கு வந்துவிட்டால், `Buy to Close` மூலம் திரும்ப வாங்கி 90 டாலர் லாபத்தோடு விலகலாம். மிச்சமிருக்கும் 30 டாலருக்காக அறிவிப்பு நாளைத் தாண்டிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று கருதும் அனுபவசாலிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். மூன்றாவது, பங்கு 30-க்குக் கீழே முடிந்து கைக்கு வருவது.

இன்டெல்லில் நடந்தது மூன்றாவது. ஆகஸ்ட் 1 அன்று பகல் வணிகத்திலேயே பங்கு 30-ஐ உடைத்து 29.05 டாலரில் முடிந்தது. சார்ட் வாசிப்பவருக்கு அதுவே எச்சரிக்கை. நாளின் நடுவில் கோட்டைத் தொட்டு மீள்வது வேறு, கோட்டுக்குக் கீழேயே நாளை முடிப்பது வேறு. மாலையில் முடிவுகள் வந்தன. எதிர்பார்ப்புக்குக் குறைந்த வருமானம், ஊழியர்களில் 15 சதவீதத்துக்கும் மேல் ஆட்குறைப்பு, நான்காம் காலாண்டிலிருந்து டிவிடெண்ட் நிறுத்தம். மறுநாள் பங்கு 26 சதவீதம் சரிந்து 21.48 டாலரில் முடிந்தது. 1974-க்குப் பிறகு இன்டெல் கண்ட மிகப் பெரிய ஒருநாள் வீழ்ச்சி அது.

21.48-இல் கணக்கிட்டால் பங்குக்கு 7.32 டாலர் நஷ்டம், ஒப்பந்தத்துக்கு 732 டாலர். வாங்கிய பிரீமியம் 120. இதுபோல ஆறு முறை தவறாமல் ஜெயித்துச் சேர்த்தது ஒரே இரவில் போய்விடும்.

ஸ்டாப்-லாஸ் இங்கே உதவியிருக்காது. முடிவுகள் வந்தது அன்றைய வணிகம் முடிந்த பிறகு. ஆப்ஷன் வணிகம் மறுநாள் காலை திறக்கும்போதே பங்கு 20-களின் தொடக்கத்தில் இருந்தது. நடுவில் 29, 28, 27 என்று எந்த விலையிலும் புட்டைத் திரும்ப வாங்கும் வாய்ப்பு வரவில்லை. விலை படிப்படியாக இறங்கும் என்று கருதித்தான் சார்ட்டில் சப்போர்ட் கோடுகள் போடப்படுகின்றன. செய்தியோ படிக்கட்டைப் பயன்படுத்துவதில்லை.

‘30-இல் லிமிட் ஆர்டர் போட்டு வாங்குவதும் புட் எழுதுவதும் ஒன்றுதான், புட்டில் கூலி வேறு கிடைக்கிறது’ என்று அடிக்கடி சொல்லப்படும் ஒப்பீட்டையும் இங்கே சோதிக்கலாம். சந்தைக்குக் கீழே 28 டாலருக்கு ஒருவர் லிமிட் ஆர்டர் போட்டு வைத்திருந்தால், ஆகஸ்ட் 2 காலை அது 28-க்கு நிறைவேறியிருக்காது. திறந்த விலையான 20 சொச்சத்துக்கே நிறைவேறியிருக்கும். செய்தியைப் படித்துவிட்டு இரவோடிரவாக ஆர்டரையே ரத்து செய்தும் இருக்கலாம். புட் எழுதியவருக்கு இரண்டு வசதியும் இல்லை. ரத்து செய்யும் உரிமையை விற்றுத்தான் அவர் அந்த 1.20 டாலரை வாங்கினார்.

முன்பு சொன்ன ஓட்டை இதுதான். 30 தாங்கியவரை பங்கு வரவில்லை. 30 தாங்காதபோதுதான் வந்தது. ‘சப்போர்ட்டில் வாங்கினேன்’ என்று புட் எழுதியவர் ஒருபோதும் சொல்லமுடியாது. பங்கு கைக்கு வந்து சேர்ந்த நாளில், அவர் எந்தச் சப்போர்ட்டை நம்பினாரோ அது உடைந்திருக்கும். மேலே ஏறிப்போன பங்குகளின் லாபம் பிரீமியத்தோடு நின்றுவிடும். கீழே விழுந்தவை மட்டுமே வீட்டுக்கு வரும்.

பங்கு வந்து சேரும் முறை, அதாவது அசைன்மென்ட், எப்படி நடக்கிறது? அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் புட் வாங்கியவர் கடைசி நாள் வரை காத்திருக்கவேண்டியதில்லை. எந்த நாளிலும் உரிமையைப் பயன்படுத்தலாம். அவருடைய கோரிக்கை ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் என்ற தீர்வகத்துக்குப் போகும். அது, அதே புட்டை எழுதிய வாடிக்கையாளர்கள் உள்ள புரோக்கர் நிறுவனங்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களில் ஒருவரைக் குலுக்கலிலோ முதலில் எழுதியவர் முதல் என்ற வரிசையிலோ தேர்ந்தெடுக்கும். கடைசி நாளில் ஒரு காசாவது லாபத்தில் முடியும் ஆப்ஷன்கள், வாங்கியவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தாமாகவே பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். எழுதியவருக்குப் பெரும்பாலும் இரவிலோ வார இறுதியிலோ செய்தி வரும். திங்கட்கிழமை கணக்கைத் திறந்தால் புட் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் 30 டாலருக்கு வாங்கிய 100 பங்குகள் இருக்கும், 3,000 டாலர் கழிந்திருக்கும். 2024 மே 28 முதல் அமெரிக்காவில் பங்குப் பரிமாற்றம் அடுத்த வேலை நாளிலேயே தீர்கிறது.

ஆழமாக விழுந்த புட் கடைசி நாளுக்கு முன்பே வந்து சேர்வதும் உண்டு. புட் வைத்திருப்பவர் பங்கை இன்றே 30-க்குக் கொடுத்தால் பணம் இன்றே கைக்கு வரும், வட்டி சம்பாதிக்கும். 2024 கோடையில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5.25 முதல் 5.50 சதவீதம் வரை இருந்ததால் அந்தத் தூண்டுதல் அப்போது பலமாகவே இருந்தது. இதை முன்கூட்டியே கணிக்கலாம். பங்கு 21.48-இல் இருக்கும்போது 30 புட்டின் உள்மதிப்பு 8.52 டாலர். சந்தையில் அந்தப் புட்டை வாங்கக் கேட்கும் விலையும் ஏறக்குறைய அதே 8.52 அல்லது அதற்கும் கீழே என்றால், காத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை. எந்த இரவும் அசைன்மென்ட் வரலாம். பணம் முழுதாக ஒதுக்கியவருக்கு இது பேரிடி அல்ல, தேதி முன்னே வருகிறது, அவ்வளவுதான்.

கடைசி நாளில் பங்கு ஸ்ட்ரைக்கை ஒட்டியே முடியும்போது வரும் தொல்லை வேறு. 30.05-இல் சந்தை மூடிவிட்டது, புட் செத்துவிட்டது என்று எழுதியவர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். ஆனால் வாங்கியவருக்கு கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 5.30 வரை முடிவெடுக்க அவகாசம் உண்டு. மூடிய பிறகு கெட்ட செய்தி வந்து விலை 29-க்கு இறங்கினால், அவர் உரிமையைப் பயன்படுத்திவிடலாம். ஸ்ட்ரைக்குக்கு வெகு அருகில் நிற்கும் புட்டைக் கடைசி நாள் மாலையில் சில காசுகளுக்குத் திரும்ப வாங்கிவிடும் பழக்கம் இதனால் வந்ததே.

பங்கு வந்து சேர்ந்துவிட்டது. வருமான வரிக்கு அமெரிக்காவில் அந்த 120 டாலர் தனி வருமானமாகக் கருதப்படுவதில்லை. பங்கின் அடக்கவிலையிலிருந்து கழிந்து 28.80 ஆகிறது. பங்கை வைத்திருந்த காலமும் வந்து சேர்ந்த நாளிலிருந்தே தொடங்கும், புட் எழுதிய நாளிலிருந்து அல்ல. டிவிடெண்டும் அப்படித்தான். இன்டெல் கடைசியாகக் கொடுத்த 12.5 சென்ட் டிவிடெண்டுக்கான பதிவு நாள் ஆகஸ்ட் 7. 16-ஆம் தேதி பங்கு பெற்றவருக்கு அதுவும் இல்லை.

இனி வழக்கமாகச் சொல்லப்படும் அடுத்த படி, வந்த பங்கின் மேல் கால் ஆப்ஷன் எழுதுவது. கவர்டு கால் எனப்படும் இதிலும் பிரீமியம் கிடைக்கும். பங்கு குறிப்பிட்ட விலைக்கு மேல் போனால் அந்த விலைக்கு விற்றுவிடவேண்டும். புட், பிறகு கால், மறுபடி புட் என்று சுழல்வதைச் சந்தையில் ‘வீல்’ என்கிறார்கள். விலை 28-29-இல் நின்றிருந்தால் சக்கரம் சுகமாகச் சுழன்றிருக்கும். 21-இல் நிற்கும்போது சிக்கல். 30 ஸ்ட்ரைக்கில் கால் எழுதினால் சில சென்ட்டுகள்தான் கிடைக்கும், ஏனென்றால் அங்கே போகும் என்று யாரும் நம்பவில்லை. 22 ஸ்ட்ரைக்கில் எழுதினால் நல்ல பிரீமியம் கிடைக்கும். ஆனால் பங்கு மீண்டால் 28.80-க்கு வாங்கியதை 22-க்குக் கொடுத்துவிட்டு நஷ்டத்தை உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும். 2025 பிப்ரவரியில் இன்டெல்லின் விலை 27-ஐத் தாண்டியபோது, தாழ்ந்த ஸ்ட்ரைக்கில் கால் எழுதியிருந்தவர்களுக்கு அந்த மீட்சி கிடைத்திருக்காது. ஏப்ரலில் விலை 18-ஐ ஒட்டி விழுந்தது. அந்த விழுச்சி முழுவதும் அவர்கள் பங்குக்கே.

பங்கு மறுபடி 30-ஐக் கண்டது 2025 செப்டம்பர் 18 அன்று, இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலிடுவதாக என்விடியா அறிவித்தபோது. ஆகஸ்ட் 2024-இல் பங்கு பெற்றவர் வெறுமனே வைத்திருந்தால் அடக்கவிலையைப் பார்க்க 13 மாதம் ஆகியிருக்கும். அவர் மூன்று வாரத்துக்கு எழுதிய ஒப்பந்தம் அது. இடைப்பட்ட காலத்தில் தலைமை அதிகாரி விலகினார், டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்து இன்டெல் நீக்கப்பட்டது. வைத்திருப்பதா விற்பதா என்ற முடிவை 28.80 என்ற தன் பழைய எண்ணை வைத்து அல்ல, ‘இன்று கையில் பணமாக இருந்தால் இந்தப் பங்கை இந்த விலைக்கு வாங்குவேனா’ என்று கேட்டே எடுக்கமுடியும். இல்லை என்பது விடையானால் மறுநாளே விற்பதுதான் முறை, அது எவ்வளவு கசந்தாலும்.

இத்தனைக்குப் பிறகும் முழுப் பணம் ஒதுக்கியவரின் நஷ்டம் அவருடைய 2,880 டாலரில் கால்பங்குதான். உண்மையான அழிவு வேறோர் இடத்தில் நடக்கிறது. மார்ஜின் கணக்கு உள்ளவருக்கு அதே புட்டை எழுத 3,000 டாலர் தேவையில்லை. பங்கு மதிப்பில் 20 சதவீதம், அதிலிருந்து ஸ்ட்ரைக் விலகியிருக்கும் தொகையைக் கழித்து, பிரீமியத்தைக் கூட்டு என்ற அமெரிக்க அடிப்படை விதிப்படி சுமார் 640 டாலர் போதும். கையில் 3,000 இருப்பவர் நான்கு ஒப்பந்தங்கள் எழுதிவிடலாம். ஆகஸ்ட் 2 மாலை அவருடைய நஷ்டம் 2,928 டாலர். கையிருப்பு ஏறக்குறைய காலி. அதற்கு மேல், 12,000 டாலருக்குப் பங்கை எடுத்துக்கொள்ளவேண்டிய கடமை அப்படியே நிற்கிறது. புரோக்கர் காத்திருக்கமாட்டார், அன்றைய விலைக்கு எல்லாவற்றையும் மூடிவிடுவார். சார்ட் அதே சார்ட், சப்போர்ட் அதே சப்போர்ட். ஒருவரிடம் 13 மாதம் காத்திருக்கும் வாய்ப்பு இருந்தது, இன்னொருவரிடம் இல்லை.

சப்போர்ட்டைப் பயன்படுத்தவே கூடாது என்பதல்ல இதன் பொருள். கோட்டின் மேலேயே எழுதாமல், ஒரு ஸ்ட்ரைக் கீழே எழுதினால் கூலி குறையும், ஆனால் சும்மா தொட்டு மீளும் இறக்கங்கள் பாதிக்காது. 50-இலிருந்து 30-க்கு வந்து தங்கிய பங்கின் சப்போர்ட்டும், நீண்ட ஏற்றத்தின் நடுவே இளைப்பாறும் பங்கின் சப்போர்ட்டும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் அடுத்த படிக்கட்டு மட்டுமே. எல்லாவற்றையும்விட, காலாண்டு முடிவு வரும் நாள் புட்டின் ஆயுளுக்குள் விழுகிறதா என்று பார்ப்பது பலன் தரும். அறிவிப்பு முடிந்த பிறகு எழுதினால் பிரீமியம் மெலிந்திருக்கும். அதுவே அந்த மூன்று வாரத்தின் நேர்மையான கூலி.

இந்தியாவில் இதே உத்தியை முயல்பவர் சில வேறுபாடுகளைக் கவனிக்கவேண்டும். தேசியப் பங்குச் சந்தையில் பங்கு ஆப்ஷன்கள் 2011 முதல் கடைசி நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஐரோப்பிய வகை என்பதால் இடையில் அசைன்மென்ட் வராது. முன்பு லாப நஷ்டம் ரொக்கமாகத் தீர்ந்தது. செபியின் 2018 உத்தரவுக்குப் பின் படிப்படியாக மாறி, 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களிலும் பங்கே கைமாறுகிறது. நிஃப்டி போன்ற குறியீட்டு ஆப்ஷன்கள் மட்டும் இன்னும் ரொக்கத்தில் தீர்கின்றன. லாட் அளவு பங்குக்குப் பங்கு மாறும். ஒரு லாட்டின் மதிப்பு பல லட்சம் ரூபாய். மார்ஜினில் எழுதிவிட்டு மறந்திருப்பவருக்கு, பங்கு வந்து சேர்ந்தால் இறுதியில் லாட்டின் முழு விலையும் தேவைப்படும். இந்தியாவில் வசித்தபடி அமெரிக்கச் சந்தையில் புட் எழுதுவதோ பெரும்பாலும் இயலாத காரியம்: வெளிநாட்டுப் பங்குகளை வாங்கப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் அனுமதிக்கிறது, வெளிநாட்டுச் சந்தைகளில் மார்ஜின் கட்டப் பணம் அனுப்ப அனுமதிப்பதில்லை.